வாய்ப்பேச்சு ஒப்பந்தம் செல்லாதா?

“நண்பர்களுக்குள் வாயால் பேசிய வியாபார ஒப்பந்தம் செல்லாது. முத்திரைத்தாள் இல்லாவிட்டால் கோர்ட்டில் ஒரு ரூபாய் கிடைக்காது. எல்லோருக்கும் அனுப்புங்கள்!”

காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 10-ஆம் பிரிவுப்படி, வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். எழுத்து கட்டாயம் என்று வேறு சட்டம் சொல்லும் விஷயங்கள் மட்டும் விலக்கு. சிக்கல் வருவது, என்ன பேசினோம் என்று நிரூபிப்பதில்தான்.

இரண்டு நண்பர்கள் ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரத்தில் கூட்டுச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 4 லட்சம் போடுகிறார், மற்றவர் 1 லட்சம். லாபமும் அதே கணக்கில் என்று கடை வாசலில் நின்று பேசிக்கொள்கிறார்கள். பணம் போட்டதை வங்கிக் கணக்கு காட்டிவிடும். லாபப் பங்கை எது காட்டும்? அதை நிரூபிக்க முடியாவிட்டால், கூட்டாண்மைச் சட்டம் 1932-இன் 13-ஆம் பிரிவுப்படி லாபமும் நட்டமும் சரிபாதி. முதல் கூடக்குறைய இருந்தாலும் அப்படித்தான். பலருக்கு இது தெரிவதே இல்லை.

அதனால் பங்கு விகிதத்தையாவது முதல் நாளே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடியாவிட்டால், “பேசினபடி லாபம் எனக்கு 4 பங்கு, உனக்கு 1 பங்கு” என்று அனுப்பி, “சரி” என்ற பதிலை அழிக்காமல் வையுங்கள். அதுவும் சாட்சியமாகும்.

இரண்டு சட்டங்களையும் indiacode.nic.in தளத்தில் படித்துப் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.