தரநிலை எண் மட்டும் போதாது

வேறொருவர் அதே கான்கிரீட் சோதனையைத் திரும்பச் செய்ய, ஆய்வேட்டின் செய்முறை அத்தியாயத்தில் எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு தம்பி சொன்னது: “எஸ்எஸ் ஈஎன் 12390 படி சோதித்தோம் என்று ஒரு வரி போதும். மற்றதெல்லாம் தரநிலையிலேயே இருக்கிறதே.”

தம்பி, பாதிதான் சரி. அந்தத் தரநிலை கெட்டியான கான்கிரீட்டை எப்படிச் சோதிப்பது என்றுதான் சொல்கிறது. உங்கள் கலவையை எப்படித் தயாரித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. சோதனையிலும் அது இடம் விடுகிறது: சோதிக்கும் கான்கிரீட் கனசதுரக் கட்டி 100 மில்லிமீட்டரா 150-ஆ, சுமை ஏற்றும் வேகம் எவ்வளவு என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

சிங்கப்பூரில் பெரிய வம்பு மணலின் ஈரம். நான் படித்தபோது மணல் ஆய்வகத்துக்கு வெளியே கிடந்தது, முந்தைய நாள் மழை வேறு. கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட், 200 கிலோ தண்ணீர், 700 கிலோ மணல், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50 என்று எழுதிக்கொண்டோம். மணலில் 4 சதவீத மேற்பரப்பு ஈரம் இருந்தால் கூடவே 28 கிலோ தண்ணீர் வந்துவிடும். உண்மை விகிதம் 0.57. அடுத்த ஆண்டு மாணவர்கள் உலர்ந்த மணலில் செய்தார்கள். வலிமை எங்களுடையதைவிட அதிகம். மாதக்கணக்கில் கட்டியை நசுக்கிச் சோதிக்கும் இயந்திரத்தைச் சந்தேகித்தார்கள்!

ஆகவே மணலை எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் எடைபோட்ட எண்களையும், அதற்காகத் தண்ணீரைக் குறைத்த அளவையும் எழுதுங்கள்.

இயந்திரத்தின் மாடல் எண்ணையும் தர வேண்டும் என்று சிலர் வலியுறுத்துவார்கள். தரலாம், கடைசியாக அளவுதிருத்தம் செய்த தேதி அதைவிட உதவும். எடைப் பதிவுகள் அத்தியாயத்திலா பின்னிணைப்பிலா என்பதை உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். என்னுடையவர்கள் இருவரும் அதில் ஒத்துப்போனதே இல்லை.