கெப்பாசிட்டரைக் காட்டிவிட்டுக் கிளம்பி வாருங்கள்

சென்னையில் 14 வருடமாக ஏசி சர்வீஸ் செய்கிறேன். பிப்ரவரியில் திருவான்மியூரில் ஒரு வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்த அம்மா முதலில் கேட்டது: "தம்பி, நீங்களும் கேஸ் கம்மின்னு சொல்லப் போறீங்களா?" முந்தைய வருடம் வேறு யாரோ வந்து கேஸ் போட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக்கைத் தேடாமல் "டாப் அப்" மட்டும் செய்வது வாடிக்கையாளரின் பணத்தைக் காற்றில் விடுவது. ஆனால் தொழிலில் அதிகம் விற்பது அதுதான், ஏனென்றால் அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. நானும் ஒரு காலத்தில், கூடுதல் வேலை பிடித்துக்கொடுத்தால் என்னிடம் வேலை பார்க்கும் பசங்களுக்குக் கமிஷன் என்று வைத்திருந்தேன். ஒரே சீசனில் பழைய வீடுகள் பல கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. மறு வருடமே கமிஷனை எடுத்துவிட்டு, அதைச் சம்பளத்தில் சேர்த்தேன்.

அந்த அம்மா வீட்டில் இருந்தது ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல். வாட்டர் சர்வீஸ் முடித்து ஓட்டிப் பார்த்தேன். உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் பத்து டிகிரி வித்தியாசம். குளிர் சரியாக இருக்கிறது, கேஸைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அதை அவரிடமே தெர்மாமீட்டரில் காட்டினேன். முதலில் நல்லா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஏசிக்குக் கரன்ட் வரும் எம்சிபி சுவிட்சை அணைத்து, அவுட்டோர் யூனிட்டில் இருந்த கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். மேலே அச்சிட்டிருப்பது 45 மைக்ரோ ஃபாரட், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 42.75க்குக் கீழே போகக் கூடாது. மீட்டர் காட்டியது 40. அச்சிட்ட எண்ணும் மீட்டரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அம்மாவிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "அம்மா, இது கம்ப்ரஸரைத் தள்ளி விடுற பார்ட். வீக் ஆகியிருக்கு. இப்போ ஓடுது, இன்னிக்கே மாத்தணும்னு இல்ல. வெயில் ஏறினா கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாம உறுமிட்டு நின்னுடலாம். கத்திரிக்கு முன்னாடி மாத்திக்கிட்டா நல்லது. பார்ட், கூலி எல்லாம் சேர்த்து 600. யோசிச்சு சொல்லுங்க."

அன்றைக்கு சர்வீஸ் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பையில் புது கெப்பாசிட்டர் இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. போட்டோவையும் 600 என்ற தொகையையும் வாட்ஸப்பில் அனுப்பினேன், மகனிடமோ தெரிந்த எலக்ட்ரீஷியனிடமோ காட்டி அவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று. அப்படிக் கேட்க இடம் கொடுக்காமல் சொல்வதைத்தான் ஜனங்கள் நச்சரிப்பு என்கிறார்கள், நாம் எவ்வளவு பணிவாகப் பேசினாலும்.

ஏப்ரல் முதல் வாரம் அவரே கூப்பிட்டார். மாற்றும்போது மீட்டர் 37ல் இருந்தது.

அவர் வேண்டாம் என்றிருந்தால்? அந்த வீட்டுக் கணக்கில் தேதியும் அளவும் குறித்து வைப்பேன். அளவு இன்னும் இறங்கினால் ஒழிய அடுத்த முறை அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். ஒரு விசிட்டில் ஒரு விஷயம்தான் சொல்வோம். கெப்பாசிட்டர், ஸ்டெபிலைசர், வருடாந்திர கான்ட்ராக்ட் என்று அடுக்கினால் முதலில் சொன்ன உண்மைகூட வியாபாரமாகிவிடும்.

கான்ட்ராக்டைப் பற்றி அந்த அம்மாவே பிறகு கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரே ஒரு ஏசி, அதுவும் மார்ச் முதல் ஜூலை வரை இரவில் மட்டும் ஓடுகிறது. தேவைப்படும்போது கூப்பிட்டாலே அவருக்குச் செலவு குறைவு. மூன்று ஏசி இருக்கிற மேல்வீட்டுக்காரருக்குக் கணக்கு வேறு, அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் இந்த நிதானம் கூடாது. பிளக்கோ சாக்கெட்டோ உருகிக் கறுத்திருந்தால் "யோசிச்சு சொல்லுங்க" என்ற பேச்சே கிடையாது. எம்சிபியை இறக்கி, "இதை மாத்துற வரைக்கும் போடாதீங்க, நான்தான் மாத்தணும்னு இல்ல, எந்த எலக்ட்ரீஷியனை வேணா கூப்பிடுங்க" என்று வீட்டில் முடிவெடுக்கிறவரிடம் நேரிலோ போனிலோ சொல்லிவிட்டுத்தான் பசங்க படியிறங்க வேண்டும்.