அந்த 2006 ஆய்வு சொன்னது வேறு

“அமெரிக்க டொக்டர்மார் இதய நோயாளிகளுக்காகப் பிரார்த்தனை செய்வித்து, அது குணமாக்கும் என்று நிரூபித்துவிட்டார்கள்.”

அண்ணை, 2006இல் வெளியான பெரிய ஆய்வைத்தான் சொல்கிறீர்கள் என்றால், முடிவு அப்படி வரவில்லை. பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு வந்த 1802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முன்பின் தெரியாத கிறிஸ்தவக் குழுக்கள் நோயாளியின் முதற்பெயரை வைத்து 14 நாள் மன்றாடின. தமக்காக மன்றாட்டு நடக்கிறதா என்று தெரியாதவர்களில், மன்றாட்டு நடந்தவர்களில் 52 வீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. நடக்காதவர்களில் 51 வீதம். வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம்.

நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 வீதம். மேலே தம்பி ஒருவர் “அப்போ மன்றாட்டு கெடுதல்” என்று எழுதியிருக்கிறார். எண் சரி. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். காரணம் இன்னும் தெளிவில்லை.

அக்கா, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்த பிறகு உங்கள் அப்பா எழும்பி நடந்ததை இந்த ஆய்வு பொய்யாக்கவில்லை. அதை அளக்கவும் இதனால் முடியாது. என் அம்மா திருநீற்றுச் சரையைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை இருந்தவர். ‘மன்றாட்டு இல்லாத’ குழுவிலிருந்தவர்களுக்கும் அப்படி ஒரு அம்மா இருந்திருப்பார். அவரை எந்த ஆய்வாளர் நிறுத்துவது?

PubMed தளத்தில் `STEP intercessory prayer 2006` என்று தேடுங்கள். சுருக்கம் இலவசம், இந்த மூன்று வீதங்களும் அதிலேயே இருக்கின்றன.