மாமா தட்டிய மெசேஜ்

(ராயக்கோட்டை. தக்காளி மண்டி ஓரத்து டீக்கடை. முருகேசனின் மனைவி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார், கொஞ்ச நாளாக ஷிஃப்டுக்கு மேல் ஓ.டி. வேறு. அவருக்கு அனுப்ப வேண்டியதை அவர் தம்பி சரவணனிடமே காட்டுகிறார் மனிதர்.)

முருகேசன்: மச்சான், படிச்சுப் பார். "உனக்கு எப்பவும் கம்பெனிதான் முக்கியம்."

சரவணன்: மாமா, "எப்பவும்" என்று போட்டீர்கள் என்றால், அக்கா சீக்கிரம் வந்த நாட்களையெல்லாம் தேதியோடு எடுத்து வைப்பாள். அப்புறம் ராத்திரி முழுக்கத் தேதிச் சண்டைதான்.

முருகேசன்: சரி, மாத்திட்டேன். "நீ என்னைக் கண்டுகொள்வதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது." இப்போ என்னைப் பற்றித்தானே?

சரவணன்: மேல் வரிசையில் நல்ல பழம் அடுக்கி, அடியில் அழுகலை வைத்த பெட்டி மாதிரி இருக்கிறது. "தோன்றுகிறது" என்று முடித்தாலும் உள்ளே அவளைத்தானே திட்டுகிறீர்கள்? உங்களுக்கு என்ன ஆகிறது, அதைச் சொல்லுங்கள்.

முருகேசன்: என்ன ஆகுது... ராத்திரி பத்தரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடுது, சாப்பிட்ட கையோடு தூங்கிடுறா, பெட்டி என்ன விலைக்குப் போச்சு என்று அவளிடம் சொல்ல வைத்திருந்ததை நாயிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

சரவணன்: இதைத்தான் எழுதணும்!

முருகேசன்: நாயையுமா?

சரவணன்: நாயைக் கண்டிப்பாக.

முருகேசன்: கடைசியில் "ஓ.டி.யை விட்டுடு" என்று போடவா?

சரவணன்: ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம், வீட்டுக்கடனுக்காகத்தான் நிற்கிறாள். அது உங்களுக்குத் தெரியும் என்று ஒரு வரி போடுங்கள். "கொஞ்சம் கவனி" என்றும் கேட்காதீர்கள், அதை எங்கே பிடித்து எப்படிச் செய்வது? அவளால் முடிகிற ஒன்றை நாள் சொல்லிக் கேளுங்கள்.

முருகேசன்: (தட்டுகிறார்) "கடனுக்காகத்தான் நிற்கிறாய் என்று தெரியும். ஆனாலும் ராத்திரி பேச ஆளில்லாமல் நாயிடம் விலை சொல்கிறேன், எனக்கு உன் ஞாபகமாகவே இருக்கிறது. புதன்கிழமை மட்டும் ஓ.டி. இல்லாமல் வர முடியுமா? சேர்ந்து சாப்பிடலாம்." அனுப்பட்டுமா?

சரவணன்: இருங்கள் மாமா! இப்போ அனுப்பினால் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பாள், பதில் போட நேரம் இருக்காது, மீதி ஷிஃப்ட் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு நிற்பாள். பஸ் ஏறினதும் அனுப்புங்கள்.

(ராத்திரி. பதில் வருகிறது. முருகேசன் சரவணனுக்குப் போன் போடுகிறார்.)

முருகேசன்: "புதன்கிழமை சீக்கிரம் வருகிறேன். போன மாதம் ஒருநாள் ஆறு மணிக்கே வந்து, நீங்கள் மண்டியிலிருந்து வரும்வரை தனியாக உட்கார்ந்திருந்தேன், எனக்கும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு நீங்கள் ஏழு மணிக்கு வீட்டில் இருக்க முடியுமா?" மச்சான், இதில் "எப்பவும்" எங்கேயாவது இருக்கா?

சரவணன்: இல்லை மாமா.

முருகேசன்: திட்டு?

சரவணன்: அதுவும் இல்லை. நாளும் நேரமும் போட்டுக் கச்சிதமாகக் கேட்டிருக்கிறாள்.

முருகேசன்: அப்போ ஏன்டா எனக்கு இப்படி வேர்க்குது?