பென்சிலில் எழுதிய 225

அந்த வீடியோவைப் பார்த்த எல்லோரும் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். அதில் இருப்பது என் பழைய புத்தகக் கடைதான், ஒரு புத்தகத்தின் முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் 225 என்று விலை எழுதியிருப்பதும் என் கைதான். வீடியோ எடுத்தவர் அதற்கு 50 தருகிறேன் என்றார், நான் மறுத்தேன். அதுவும் உண்மை. ஆனால் "எடைக்கு வாங்கியதைப் பாதி விலைக்கு விற்கிறான், பகல் கொள்ளை" என்று சொன்னாரே, அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் புத்தகத்தின் அட்டை விலை 450. சமீபத்தில் அச்சானது. முதுகு மடங்கவில்லை, அடிக்கோடு இல்லை, யாருடைய பெயரும் எழுதப்படவில்லை. புதிதாக வாங்கி ஒரே ஒரு முறை படித்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்டதற்கு நான் பாதி விலை போடுவேன். அட்டை மடங்கி, பக்கம் பழுத்து, உள்ளே கோடு போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் கீழே இருப்பவை குவியலுக்குப் போகும். குவியலில் எது எடுத்தாலும் ஒரே விலை, 30. இதில் ரகசியம் எதுவும் இல்லை. கேட்டிருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, படம் எடுத்தார்.

சரி, எடைக்கு வாங்கிய கதைக்கு வருகிறேன். அந்த 450 புத்தகம் தனியாக என்னிடம் வரவில்லை. ஒரு வீட்டைக் காலி செய்தார்கள், மொத்தம் 60 புத்தகங்கள். பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள், எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். 1,800 கொடுத்தேன், வண்டிக்கு 200. ஆக 2,000. தலைக்கு 33 என்று கணக்குப் போட்டுக் கத்தலாம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது 9 புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது. மீதி 51.

இதேபோல் முன்பு எடுத்த ஒரு கட்டின் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். அதிலும் 60, அதே 2,000, அதிலும் 9 வீண். நல்ல நிலையில் இருந்து கேட்டு வாங்கப்பட்டவை 12, சராசரியாக 150 வீதம் 1,800. ஒரு மாதத்தில் போய்விட்டன. கவனியுங்கள், "கொள்ளை விலை" போட்ட அந்த 12-ம் விற்று முடிந்தபோதுகூடப் போட்ட பணம் திரும்பவில்லை. சுமாரானவை 20. மூன்று மாதத்தில் 12 தான் போயின, 80 வீதம் 960. மீந்த 8-ம், அந்தக் கட்டிலிருந்து முதலிலேயே குவியலில் போட்ட 19-ம் சேர்ந்து 27 ஆனது. அதில் 15 விற்றன, 450. கடைசியில் தங்கிய 12-ஐயும் கரையான் தின்ற 9-ஐயும் பழைய பேப்பர் கடையில் போட்டேன், 120 கிடைத்தது. எல்லாம் சேர்ந்து 3,330. நான்கு மாத உழைப்புக்கு மிஞ்சியது 1,330. 60-இல் விற்றது 39 தான். அப்படியானால் விற்ற ஒவ்வொரு புத்தகத்துக்கும் என் அடக்க விலை 33 இல்லை, 51. அவர் கேட்ட 50-க்குக் கொடுத்திருந்தால் கைக்காசு போயிருக்கும்.

நல்ல புத்தகத்தின் விலையில், விற்காத புத்தகங்களின் விலையும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இன்னும் பத்து தடவை சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன்.

"அப்படியென்றால் ரொம்பப் பழைய புத்தகத்துக்கு மட்டும் ஏன் அட்டை விலையைவிட அதிகம் கேட்கிறாய்?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். முப்பது வருடத்துக்கு முன் அச்சான புத்தகத்தில் 12 என்று போட்டிருக்கும். அதில் பாதி 6. அந்த 6-க்கு இன்று என்ன வாங்க முடியும்? அந்த மாதிரிப் புத்தகத்தில் அட்டை விலையை நான் பார்ப்பதே இல்லை. இன்றைய மறுபதிப்பு என்ன விலை என்று பார்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கு போடுகிறேன்.

நிலைமை பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைக் காசு கொடுத்துக் கற்றவன் நான். ஆரம்பத்தில் அட்டையைப் பார்த்து மட்டும் விலை போடுவேன். ஒரு பெரியவர் தடித்த நாவல் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து வந்து 96-ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினார். அடுத்த பக்கம் 113. பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரம், பைண்டிங்கிலேயே விட்டுப் போயிருந்தது. வெளியே எந்த அடையாளமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை, "கதை நல்ல இடத்தில் நின்றுவிட்டது தம்பி" என்றார். அன்றிலிருந்து பக்க எண்களைப் புரட்டாமல் பென்சிலை எடுப்பதில்லை. நடுவில் விரித்துப் பசை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். பூஞ்சை வாடை இருந்தால் மற்றவற்றோடு அடுக்கவே மாட்டேன், ஈரம் பக்கத்துப் புத்தகத்துக்கும் போகும்.

"ஆசிரியருக்கு ஒன்றும் போகவில்லையே" என்கிறார்கள். உண்மை, போகவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"விலையைக் குறைத்தால் நிறைய விற்குமே" என்பவர்களுக்கு மட்டும் பதில் இருக்கிறது. குறைக்கத்தான் செய்கிறேன், அதற்கு ஒரு காலம் வைத்திருக்கிறேன். புத்தகம் எந்த வாரம் வந்தது என்பதற்கு விலைக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கும். எட்டு வாரம் ஆகியும் போகாவிட்டால் பாதி விலை, மூன்றில் ஒரு பங்காகும். இன்னும் எட்டு வாரம் போனால் குவியல். கடையில் இடம் அவ்வளவுதான். ஒவ்வொரு இரவும் மூட்டை கட்டி எடுத்துப் போய், காலையில் திரும்பப் பரப்ப வேண்டும். அப்படிக் கட்டிப் பிரிப்பதிலேயே புத்தகத்தின் மூலைகள் மழுங்கிவிடும். பாடப்புத்தகத்துக்கு எட்டு வாரம்கூடக் கிடையாது. ஒரு மருத்துவப் புத்தகத்தை நல்ல விலை வரட்டும் என்று பிடித்து வைத்திருந்தேன். புதிய பதிப்பு வந்தது, பழையதை யாரும் தொடவில்லை, எடைக்குத்தான் போனது. ஆனால் வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் 50-க்குத் தள்ளினால், அடுத்த கட்டு எடுக்கக் கையில் எதுவும் இருக்காது. தெருவில் ஒரு கடை குறையும், அவ்வளவுதான்.

ஏழை மாணவர்களைச் சுரண்டுகிறேன் என்று எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் வாரா வாரம் வந்தாய். பரீட்சை நேரத்தில் காசில்லை என்றாய், படித்துவிட்டுத் திருப்பிக் கொடு என்று நான்கு புத்தகங்கள் கொடுத்தேன். மூன்றைத் திருப்பிக் கொடுத்தாய், நான்காவதை நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடியோ எடுத்த ஆள் யாரோ, ஐந்து நிமிடம் நின்றார். நீ அப்படியா?

புதுக் கடையில் 450 கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் பையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதே ஆள் தரையில் விரித்த தார்ப்பாய்க்கு முன்னால் வந்தவுடன் குரலை உயர்த்துகிறார். பேரம் பேசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 225-க்கு 200 கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். திருடன் என்று சொல்லாமல் கேட்டிருந்தால் போதும்.

அந்தப் புத்தகம் இன்னும் விற்கவில்லை. வரும் திங்களோடு வந்து எட்டு வாரம். அன்று காலையில் 225-ஐ ரப்பரால் அழித்துவிட்டு 150 என்று எழுதுவேன். வீடியோவுக்குப் பயந்து குறைத்ததாக யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இன்றே சொல்லி வைக்கிறேன்.