இந்தச் சாம்பல் நிறச் சட்டையை யார் அலுவலக உடை ஆக்கினார்கள்?

நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் போதும், அக்குளில் வியர்வையின் கரும்பட்டை தெரிகிறது. வெயில் காலத்திலும் கடைகளில் அடுக்கி வைப்பதெல்லாம் சாம்பலும் வெளிர்நீலமும்தான். எரிச்சலாக இருக்கிறது.

காரணம் எளிது. துணி நனைந்தால் இழைகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் நீர் புகுகிறது. ஒளி சிதறித் திரும்புவது குறைந்து அந்த இடம் கருமையாகிறது. சாம்பல் போன்ற நடுத்தர நிறங்களில்தான் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். கருநீலம் ஏற்கெனவே இருண்டது, அதில் கருமை கூடினாலும் கண்ணுக்கு எட்டாது. வெள்ளையும் பரவாயில்லை, ஆனால் மெல்லியதாக இருந்தால் உடலோடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். கறுப்பு காய்ந்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும், உப்பு வெள்ளைக் கோடாகப் படியும்.

அப்புறம் துணி. தடித்த பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும், பேருந்தை விட்டு இறங்கி வெகுநேரம் ஆகியும் ஈரம் போகாது. தளர்வாக நெய்த லினன் சீக்கிரம் காயும். ஈரத்தைப் பரப்பும்படி தயாரித்த பாலியஸ்டரும் அப்படித்தான், ஆனால் நாற்றம் பிடித்துக்கொள்ளும். எனக்குக் கைகொடுப்பது, கருநீலத்தில் பொடிப்பூ அச்சிட்ட மெல்லிய பருத்தி. ஈரத்தின் விளிம்பு பூக்களுக்குள் கலைந்துபோகிறது.

அதைத் தேடினால் விடுமுறை உடைகளின் வரிசையைக் காட்டுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வியர்க்காதா?