SPY/TLT ஏறினாலே துணிச்சலா?

“அமெரிக்கப் பங்கு ஃபண்டு SPY-யை நீண்டகால அமெரிக்க அரசு பாண்டு ஃபண்டு TLT-ஆல வகுத்து வர்ற SPY/TLT விகிதம் 2022ல ஏறியிருக்கு. பாண்டை வித்துட்டு எல்லாரும் துணிஞ்சு பங்குக்குப் போயிட்டாங்கன்னுதானே அர்த்தம்?”

கோடு ஏறினது உண்மை, காரணம்தான் தப்புங்க. அந்த வருஷம் டிவிடெண்ட், வட்டி எல்லாம் சேர்த்தும் SPY சுமார் 18% விழுந்தது, TLT சுமார் 31%. ரெண்டுலயும் நூறு நூறு போட்டிருந்தா கையில 82, 69. வகுத்தா 1.19. ரெண்டு பக்கமும் நஷ்டம், சார்ட்ல மட்டும் 19% ஏற்றம்! அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை ஏத்தினதுல நீண்டகால பாண்டு பலமா அடிவாங்குச்சு.

TLT-க்குப் பதிலா நடுத்தரகால அரசு பாண்டு ஃபண்டு IEF-ஐ வகுத்துப் பாக்கச் சொன்னார் ஒருத்தர், பாதி சரி. அது சுமார் 15% விழுந்ததால அதே வருஷம் விகிதம் இறங்கியிருக்கும். எந்த பாண்டை வகுக்குறதுன்னு எனக்கும் முடிவில்லை. ஆனா ரெண்டு கோட்டையும் தனித்தனியா பாக்காம விகிதத்தை நம்புறதில்லை.